வெட்டப்பட்ட மதிப்பெண்ணுக்கும் வேலை உண்டு

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், ஆண்களுக்கான மூன்று மீட்டர் ஸ்பிரிங்போர்டு டைவிங்கில் தங்கம் வென்றவர் சீனாவின் சியோங் நீ. அவருடைய மொத்தப் புள்ளி 708.72. வெள்ளி வாங்கிய மெக்சிகோவின் ஃபெர்னாண்டோ பிளாட்டாஸ் எடுத்தது 708.42. இடைவெளி 0.30.

அந்த 0.30 எவ்வளவு சின்னது என்று புரிய, டைவிங்கில் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஏழு நடுவர்கள், பூஜ்யத்திலிருந்து பத்து வரை, அரை அரையாக மதிப்பெண் தருவார்கள். சிட்னியில் இருந்த விதிப்படி, மிக உயர்ந்த ஒன்றையும் மிகக் குறைந்த ஒன்றையும் நீக்கிவிட்டு, மிஞ்சிய ஐந்தையும் கூட்டி, அந்தப் பாய்ச்சலின் கடின எண்ணால் பெருக்கி, மீண்டும் 0.6-ஆல் பெருக்குவார்கள். கடின எண் 3.0 உள்ள ஒரு பாய்ச்சலுக்கு, கணக்கில் சேர்கிற ஒரே ஒரு நடுவர் அரை மதிப்பெண் கூட்டிப் போட்டால் மொத்தத்தில் 0.90 ஏறும். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த தூரத்தைப்போல் மூன்று மடங்கு அது. ஒரு நடுவர், ஒரு பாய்ச்சல், அரை மதிப்பெண். அவ்வளவுதான்.

நடுவர் மனிதர். கண் தவறலாம், மனம் சாயலாம். இதற்கு மருந்தாகத்தான் மேலும் கீழும் வெட்டுகிற சராசரி வந்தது. வெட்டிவிட்டால் கோணல் நடுவரின் மதிப்பெண் போய்விடும், மிச்சம் நேர்மையானவர்களுடையது என்று பார்வையாளர்கள் நினைக்கிறார்கள். போட்டி நடத்துகிறவர்களில் பலருக்கும் அதே எண்ணம்தான். உண்மை அப்படியில்லை. எண்களை வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

மூன்று மீட்டர் பலகையிலிருந்து 107B என்ற பாய்ச்சலை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் பார்த்து நின்று, கால்களை நீட்டியபடி இடுப்பில் மடங்கி, மூன்றரைக் குட்டிக்கரணம் போட்டு நீரில் இறங்குவது. இதன் கடின எண் 3.1. ஏழு நடுவர்கள் இப்படி மதிப்பெண் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் என் கற்பனை): 6.5, 7.0, 7.0, 7.5, 7.5, 8.0, 8.5.

சிட்னி விதிப்படி 6.5-ம் 8.5-ம் போகும். மீதி ஐந்தின் கூட்டு 37. அதை 3.1-ஆலும் 0.6-ஆலும் பெருக்கினால் 68.82. அந்த 0.6 எதற்கு என்று கேட்கலாம். ஐந்து பேருடைய கூட்டுத்தொகையை மூன்று பேருடைய கூட்டுத்தொகையின் அளவுக்குக் கொண்டுவரத்தான். ஐந்து நடுவர் மட்டும் உள்ள போட்டியில் இருவரை நீக்கினால் மூவர்தான் மிஞ்சுவார்கள். நடுவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் புள்ளிகளை ஒப்பிட முடிய வேண்டும் அல்லவா?

பிறகு விதி மாறியது. இப்போது ஏழு நடுவர் இருந்தால் மேலே இரண்டு, கீழே இரண்டு நீக்கப்படும். நடுவில் உள்ள மூன்றின் கூட்டு மட்டும் கடின எண்ணால் பெருக்கப்படும். நம் எடுத்துக்காட்டில் 7.0, 7.5, 7.5 மிஞ்சும். கூட்டு 22, புள்ளி 68.20.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின்போது இந்தப் புதிய முறை நடப்பில் இருந்தது. பத்து மீட்டர் மேடையில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ மிட்சம் கடைசிப் பாய்ச்சலுக்கு 112.10 புள்ளி வாங்கி, இரண்டாம் இடத்திலிருந்து தங்கத்துக்குத் தாவினார். அந்தப் பாய்ச்சலின் கடின எண் 3.8. ஏழு நடுவரில் நான்கு பேர் பத்துக்குப் பத்து போட்டார்கள். வகுத்துப் பாருங்கள்: 112.10-ஐ 3.8-ஆல் வகுத்தால் 29.5. அதாவது கணக்கில் வந்த மூன்று மதிப்பெண்கள் 10, 10, 9.5. நான்கு பத்துகளில் இரண்டு மேல்பக்கம் வெட்டுப்பட்டன, இரண்டு தங்கின. பத்து போட்டவர்களில் யாருடைய பத்து தங்கியது என்ற கேள்விக்கு இங்கே பொருளில்லை. ஒரே மதிப்பெண்ணை நால்வர் போட்டிருந்தாலும் விதி சொன்ன எண்ணிக்கைதான் போகும், நான்கும் சேர்ந்து போகாது. தொலைக்காட்சி பார்க்கிறவர்கள் அடிக்கடி குழம்புகிற இடம் இது. இன்னொன்று, வெட்டு நடுவர்மேல் விழுவதில்லை, மதிப்பெண்மேல் விழுகிறது. முதல் பாய்ச்சலில் ஒருவரின் மதிப்பெண் போகும், அடுத்ததில் அவருடையது தங்கி வேறொருவருடையது போகும்.

இந்த யோசனை விளையாட்டு மைதானத்தில் பிறந்ததல்ல. 1821-இல் பிரான்ஸில் வெளிவந்த ஒரு கணித இதழில், பெயர் போடாத ஒரு கட்டுரை இருக்கிறது. பிரான்ஸின் சில பகுதிகளில் ஒரு நிலத்தின் சராசரி விளைச்சலைக் கணிக்கும் வழக்கத்தை அதை எழுதியவர் குறிப்பிடுகிறார். தொடர்ந்து இருபது ஆண்டு விளைச்சலைப் பார்ப்பார்களாம். மிக அதிகம் விளைந்த ஆண்டையும் மிகக் குறைவாக விளைந்த ஆண்டையும் ஒதுக்கிவிட்டு, மீதியைக் கூட்டிப் பதினெட்டால் வகுப்பார்களாம். நிலத்துக்கு அது பொருத்தமான கணக்குதான். வறட்சி வந்த ஆண்டுக்கு நம்மேல் வஞ்சம் கிடையாது. கணக்குப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து விளைச்சல் தன்னை மாற்றிக்கொள்வதும் இல்லை. நடுவர் மாற்றிக்கொள்வார். வித்தியாசம் அங்கேதான்.

நம் 107B-க்கு வருவோம். 6.5 போட்ட நடுவர், மனத்துக்குள் 6.5 என்று தெரிந்தும், தனக்கு வேண்டிய வீரர் என்பதால் 10 போடுகிறார். மற்ற ஆறு பேரும் முன்பு போட்டதையே போடுகிறார்கள். இப்போது வரிசை: 7.0, 7.0, 7.5, 7.5, 8.0, 8.5, 10.

எதையும் வெட்டாமல் வெறும் சராசரி எடுத்திருந்தால் புள்ளி 69.09-லிருந்து 73.74-க்கு ஏறியிருக்கும். 4.65 லாபம். சிட்னி விதிப்படி ஒரு 7.0-ம் அந்தப் பத்தும் போகும். பத்து போய்விட்டதே, இனி என்ன பயம் என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள்: 7.0, 7.5, 7.5, 8.0, 8.5. கூட்டு 38.5. முன்பு 37. புள்ளி 71.61, அதாவது 2.79 கூடுதல். அவருடைய மதிப்பெண் கணக்கில் இல்லை, ஆனால் அவர் செய்த காரியம் கணக்கில் இருக்கிறது. எப்படி? முன்பு வெட்டுப்பட்டிருந்த 8.5-ஐ அவருடைய பத்து உள்ளே தள்ளிவிட்டது. அவர் காலி செய்த கீழ் இடத்துக்கு ஒரு 7.0 இறங்கி, வெட்டுக்கு இரையானது. பேருந்தில் பின்னாலிருந்து ஒருவர் முண்டியடித்து முன்படிக்குப் போய் இறங்கிவிட்டாலும், நடுவில் நின்றவர்கள் எல்லாரும் இடம் மாறியிருப்பார்கள் இல்லையா, அந்தக் கதைதான்.

ஆனால் வெட்டு ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறது. கோணல் நடுவர் எவ்வளவு இழுத்தாலும் முடிவு ஓர் எல்லையைத் தாண்டாது. அந்த எல்லையை வகுப்பது அவரல்ல, மற்ற ஆறு பேரும். அவர்களில் மிக உயர்ந்தவர் 8.5, மிகக் குறைந்தவர் 7.0. கூட்டுத்தொகை அதிகபட்சம் இந்த 1.5 அளவுக்குத்தான் நகரும். பத்து என்ன, விதி இடம் கொடுத்தால் நூறு போட்டாலும் அதே 1.5தான். மற்றவர்கள் ஒத்த கருத்தோடு இருந்தால் ஒரு கோணல் நடுவரால் ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது. மற்றவர்களே சிதறிக் கிடந்தால் அவர் கை ஓங்கும்.

இதன் மறுபக்கம் கொஞ்சம் சங்கடமானது. பத்து போட்டாலும் 8.5 போட்டாலும் சிட்னி விதியில் விளைவு ஒன்றே. 8.5 போட்டால் அவருடைய 8.5-ம் இன்னொருவருடைய 8.5-ம் சேர்ந்து இரண்டாகும், ஒன்று போகும், ஒன்று தங்கும். கூட்டு அதே 38.5. இன்றைய விதியிலோ அவர் 8.0 போட்டாலே போதும். 7.5, 7.5, 8.0 மிஞ்சி, கூட்டு 23 ஆகும். பத்து போட்டாலும் அதே 23தான். தன் கணிப்பு 6.5 என்றிருக்க 8.0 போடுகிறவரைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள், ஏனென்றால் பக்கத்தில் இன்னொரு நடுவர் நேர்மையாகவே 8.0 போட்டிருக்கிறார். ஆக, விவரம் தெரிந்த கோணல் நடுவர் கூட்டத்தின் மேல் விளிம்பிலேயே நின்றுகொள்வார். வெட்டு அவரைப் பிடிப்பதில்லை. அடக்கமாக ஏமாற்றக் கற்றுக்கொடுக்கிறது என்றுகூடச் சொல்லலாம். பத்து போட்டு மாட்டிக்கொள்கிறவர் அனுபவம் இல்லாதவர்.

இன்னொரு விந்தையும் கவனிக்க வேண்டும். இன்றைய விதிப்படி 22-லிருந்து 23 ஆனதில் புள்ளி 68.20-லிருந்து 71.30 ஆகிறது. லாபம் 3.10. இரண்டிரண்டாக வெட்டியும், ஒவ்வொன்றாக வெட்டியபோது கிடைத்த 2.79-ஐவிட இது அதிகம். கூடுதலாக வெட்டினால் கூடுதல் பாதுகாப்பு என்பது எப்போதும் உண்மையல்ல. கணக்கில் நிற்கிறவர்கள் ஐந்திலிருந்து மூன்றாகக் குறையும்போது ஒவ்வொருவருடைய எடையும் கூடிவிடுகிறது. நகரும் தூரம் 1.5-லிருந்து 1.0 ஆகக் குறைந்தாலும், நகர்ந்தது கனமாக நகர்கிறது.

அப்படியென்றால் இரண்டிரண்டாக வெட்டுவதில் என்ன பயன்? இருவர் கூட்டுச் சேரும்போதுதான் அது தெரியும். 6.5 போட்டவரும், 7.0 போட்டவர்களில் ஒருவரும் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்குப் பத்து போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய விதி ஒரு பத்தைத்தான் வெட்டும். இன்னொரு பத்து முழுசாக உள்ளே வரும். கூட்டு 41.5, புள்ளி 77.19, லாபம் 8.37. புதிய விதியில் இரண்டு பத்தும் போய், 7.5, 8.0, 8.5 மிஞ்சும். புள்ளி 74.40, லாபம் 6.20. இதுவும் கொஞ்சமல்லதான், ஆனால் இதற்கு ஒரு கூரை இருக்கிறது: நேர்மையான ஐவரின் மதிப்பெண்களுக்கு வெளியே எதுவும் கணக்கில் வராது. பழைய விதியில் அந்தக் கூரை இடிந்துவிட்டது. பாய்ச்சல் படுமோசமாக அமைந்து மற்றவர்கள் நான்கும் நாலரையுமாகப் போட்டிருந்தால், உள்ளே வந்த அந்த ஒற்றைப் பத்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டிருக்கும். எத்தனை பேர் கூட்டுச் சேரக்கூடும் என்று அஞ்சுகிறோமோ அத்தனையை ஒவ்வொரு பக்கத்திலும் வெட்ட வேண்டும். விதி அவ்வளவுதான்.

இதே போக்கில் போய் மேலே மூன்று, கீழே மூன்று வெட்டி, நட்டநடுவில் இருக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? பள்ளிக் கணக்கில் படித்த இடைநிலை அளவு அதுதான். மூவர் கூட்டுச் சேர்ந்தாலும் தாங்கும். ஆனால் அரை அரையாக மதிப்பெண் போடும் இடத்தில் விடையும் 7.0, 7.5, 8.0 என்று அரைப் படிகளில் மட்டுமே வரும். ஒரே கடின எண்ணுள்ள பாய்ச்சலைச் செய்த பத்துப் பேரில் நான்கு பேருக்கு ஒரே புள்ளி வந்து நிற்கும். மூன்றைக் கூட்டினால் இடையில் இன்னும் படிகள் கிடைக்கும். மேலும், ஏழு பேரைக் கூட்டி வந்து ஒருவர் சொன்னதை மட்டும் கேட்பதென்றால் மற்ற ஆறு கண்கள் பார்த்தது வீண்தான்.

இடைநிலையும் ஏமாறும் என்பதற்கு 2002-ஆம் ஆண்டின் சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கே சாட்சி. ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அன்றைய முறைப்படி ஒன்பது நடுவர்களும் ஜோடிகளை வரிசைப்படுத்துவார்கள். யாருக்குப் பெரும்பான்மை முதலிடம் தருகிறதோ அவர்களுக்கு முதலிடம். ஒன்பது பேரில் ஐந்தாமவர் சொல்வதே முடிவு என்பதால் அது இடைநிலை அளவின் இன்னொரு வேடம். ரஷ்ய ஜோடியான பெரெஷ்னயா, சிகாருலிட்ஸே ஐந்து பேரிடம் முதலிடம் பெற்றார்கள். கனடாவின் சாலே, பெல்லட்டியே நால்வரிடம். பிறகு பிரான்ஸ் நாட்டு நடுவர், தனக்கு நெருக்கடி கொடுக்கப்பட்டதாகச் சொன்னதாகச் செய்தி வெடித்தது, பின்னர் அவரே அதை மறுத்தார். கடைசியில் கனடா ஜோடிக்கும் தங்கம் தரப்பட்டது. அந்த நடுவருக்கு மூன்றாண்டுத் தடை. அங்கே யாரும் எண்ணை மேலே இழுத்துப் பிடிக்கவில்லை. மற்ற எட்டுப் பேர் நாலுக்கு நாலு என்று பிளந்து நின்றார்கள், ஒருவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதுவே தீர்ப்பு. மற்றவர்கள் பிளந்து நிற்கும்போது வெட்டுவதற்கு விளிம்பே கிடையாது.

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் வரிசைப்படுத்தும் முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் தனித்தனி மதிப்பெண் தந்து, அதில் மேல் ஒன்றையும் கீழ் ஒன்றையும் வெட்டும் முறைக்கு மாறியது. அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொடக்க ஆண்டுகளில் பன்னிரண்டு நடுவர்களை உட்காரவைத்து, அவர்களில் ஒன்பது பேரைக் கணினி குலுக்கலில் எடுத்து, அந்த ஒன்பதில் வெட்டினார்கள். யார் எந்த மதிப்பெண் போட்டார் என்பதும் வெளியே தெரியாது. பன்னிரண்டில் ஒன்பதைத் தேர்வதற்கு 220 வழிகள் உண்டு. ஒரே ஆட்டம், அதே நடுவர்கள், 220 விதமான முடிவுக்கு வாய்ப்பு. ஏல் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஜான் எமர்சன், குலுக்கலில் வேறு ஒன்பது பேர் வந்திருந்தால் வரிசை மாறியிருக்கும் என்று காட்டினார். வெட்டுவதும் குலுக்குவதும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும், இரண்டுமே சில மதிப்பெண்களை விட்டுவிடுகின்றன. ஆனால் வெட்டு எதை விடுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. குலுக்கலுக்குக் காரணமே கிடையாது. ஏற்கெனவே உள்ள தற்செயலோடு இன்னொரு தற்செயலைக் கூட்டுகிறது.

பெயர் மறைத்ததும் பலிக்கவில்லை. பேரம் பேசியவருக்குத் தன் ஆள் சொன்னபடி போட்டாரா என்று தெரியக்கூடாது, அப்போது பேரம் நின்றுபோகும் என்பது சங்கத்தின் எண்ணம். பொருளியலாளர் எரிக் சிட்ஸவிட்ஸ் இரு காலங்களின் மதிப்பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது சொந்த நாட்டுச் சாய்வு குறைந்திருக்கவில்லை, சற்றுக் கூடியிருந்தது. 2016-இல் பெயர் மறைப்பைச் சங்கம் கைவிட்டது. அவருடைய முந்தைய ஆய்வில் இன்னும் சுவையான ஒரு கண்டுபிடிப்பு உண்டு. பனிச்சறுக்குத் தாவலிலும் ஐந்து நடுவர்கள், மேலும் கீழும் வெட்டு. அங்கேயும் நடுவர்கள் தம் நாட்டவருக்குச் சாய்கிறார்கள். ஆனால் குழுவில் ஒரு நாட்டு நடுவர் இருந்தால் மற்ற நடுவர்கள் அந்த நாட்டு வீரருக்குச் சற்றுக் குறைத்துப் போட்டுச் சமன் செய்துவிடுகிறார்கள். ஸ்கேட்டிங்கில் மற்றவர்களும் சேர்ந்து ஏற்றிவிடுகிறார்கள். ஏறத்தாழ ஒரே சூத்திரம், எதிரெதிர் நடத்தை. பனித்தாவலில் நடுவர்களைத் தேர்ந்தெடுத்தது சர்வதேசச் சங்கம், ஸ்கேட்டிங்கில் அந்தந்த நாட்டுச் சங்கங்கள். நடுவரை யார் அனுப்புகிறார்கள் என்பதற்குள்ள வலு வெட்டும் சூத்திரத்துக்கு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, கூட்டத்தின் விளிம்பில் ஒளிந்து நிற்கும் நடுவரை எப்படித்தான் பிடிப்பது? ஒரே பாய்ச்சலைப் பார்த்துப் பிடிக்க முடியாது. பல பாய்ச்சல்களைச் சேர்த்துப் பார்த்தால் முடியும். எமர்சனும் உடன் ஆய்வாளர்களும் சிட்னி டைவிங்கின் மதிப்பெண்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 10,787. ஒவ்வொரு மதிப்பெண்ணும் அந்தப் பாய்ச்சலுக்கு நடுவர் குழு தந்த சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஒரு நடுவர் எல்லோருக்குமே கால் மதிப்பெண் கூடப் போடுகிறார் என்றால் அவர் தாராள மனத்தர், அவ்வளவுதான். மற்றவர்களுக்குச் சராசரியை ஒட்டியும் தன் நாட்டவருக்கு மட்டும் தொடர்ந்து மேலேயும் போடுகிறார் என்றால் அது சாய்வு. தனித்தனியாகப் பார்க்கும்போது அந்த அரை மதிப்பெண் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், நாற்பது ஐம்பது பாய்ச்சலில் ஒரே திசையில் வந்தால் தற்செயல் என்று சொல்ல முடியாது. பல நடுவர்களிடம் இந்தச் சாய்வு தென்பட்டது. மேலும் கீழும் வெட்டிய பிறகும் பதக்க வரிசையை அசைக்கும் அளவுக்கு அது போதும் என்பது அவர்களின் வாதம். 0.30 இடைவெளியை நினைத்துக்கொண்டு படித்தால் அந்த வாதத்தைத் தள்ளிவிட மனம் வராது.

நம் ஊரில் இந்த முறையை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் பேச்சுப்போட்டி, பாட்டுப்போட்டி நடத்துகிறவர்கள். அங்கே கையூட்டோ பேரமோ அரிது. வேறொரு சிக்கல் வரும். பயிற்சி பெற்ற டைவிங் நடுவர்களுக்கு 7.5 என்றால் ஏறக்குறைய ஒரே பொருள். பேச்சுப்போட்டி நடுவர்களில் ஒருவருக்கு நூற்றுக்கு அறுபதே நல்ல மதிப்பெண், இன்னொருவருக்குத் தொண்ணூறு சாதாரணம். ஐந்து நடுவர்கள் முதல் பேச்சாளருக்கு 60, 74, 76, 75, 92 போடுகிறார்கள். இரண்டாமவருக்கு அதே வரிசையில் 45, 75, 78, 77, 90. மேலும் கீழும் வெட்டினால் முதல்வருக்கு 75, இரண்டாமவருக்கு 76.67. இரண்டாமவருக்குப் பரிசு. வெட்டாமல் சராசரி எடுத்தால் 75.4, 73. முதல்வருக்குப் பரிசு.

எது நியாயம் என்று எண்களை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கறாரான நடுவர் இரண்டாமவருக்கு 15 குறைத்தது வஞ்சமாக இருக்கலாம். அந்தப் பேச்சு எங்கிருந்து உருவப்பட்டது என்று அவருக்கு மட்டும் தெரிந்திருக்கவும் கூடும். ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: அன்று காலை முதல் மாலை வரை கறார் நடுவரும் தாராள நடுவரும் ஒவ்வொரு பேச்சாளருக்கும் விளிம்பிலேயே நின்றார்கள், ஆகவே அவர்களுடைய மதிப்பெண் ஒருமுறைகூடக் கணக்கில் ஏறவில்லை. ஐந்து நடுவர் என்று அழைப்பிதழில் அச்சடித்து மூவரை வைத்துப் போட்டி நடத்தியதுதான் மிச்சம். வெறும் சராசரியில் கறார்த்தனத்தால் கெடுதல் இல்லை, எல்லோருக்கும் சமமாகக் குறைத்தால் வரிசை மாறாது. வெட்டும்போதுதான் அவர் காணாமல் போகிறார். இதைக் கண்டுபிடிப்பது எளிது. போட்டி முடிந்ததும் யாருடைய மதிப்பெண் எத்தனை முறை வெட்டப்பட்டது என்று எண்ணினால் போதும், ஒரே இருவர் மீண்டும் மீண்டும் வந்தால் அளவுகோலில்தான் கோளாறு. அப்படிப்பட்ட குழுவில் முதலில் ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணையும் அவரவர் சராசரியிலிருந்து எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று மாற்றிக்கொண்டு, பிறகு வெட்டலாம். அல்லது தொடங்குமுன் இரண்டு பேச்சை எல்லோருமாகக் கேட்டு, மதிப்பெண் போட்டுப் பார்த்து, பேசி ஒத்துக்கொள்ளலாம்.

மூன்றே நடுவர்கள் என்றால் வெட்டவே வேண்டாம். ஒருவர்தான் மிஞ்சுவார், அதுவும் ஒவ்வொரு பேச்சாளருக்கும் வெவ்வேறு ஒருவராக. நால்வர் என்றால் இருவர் மிஞ்சுவார்கள், அதுவும் போதாது. ஐந்து பேர் கிடைத்தால் யோசிக்கலாம், ஏழு கிடைத்தால் நிம்மதி.

கடைசியாக எக்செல் தாளில் நடக்கிற ஒரு விபத்து. இதற்கென்றே `TRIMMEAN` என்ற சூத்திரம் எக்செலில் உண்டு. எத்தனை சதவீதம் வெட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். அது இரு பக்கமும் சேர்த்த சதவீதம். விடையில் வரும் எண்ணிக்கையை அது கீழ்நோக்கி இரட்டைப்படை எண்ணாக மாற்றிக்கொள்ளும். ஏழு நடுவர் உள்ள தாளில் யாரோ 20 சதவீதம் என்று நினைத்து 0.2 போட்டால், ஏழில் 20 சதவீதம் 1.4, அதற்குக் கீழே உள்ள இரட்டைப்படை எண் பூஜ்யம். எதையும் வெட்டாமல் வெறும் சராசரியைத் தந்துவிடும், எச்சரிக்கையும் வராது. அதைவிட இப்படி எழுதுவது நல்லது:

```
=(SUM(B2:H2)-MAX(B2:H2)-MIN(B2:H2))/(COUNT(B2:H2)-2)
```

இதில் எத்தனை மதிப்பெண் உண்மையில் இருக்கின்றன என்று தாளே எண்ணிக்கொள்ளும். ஒரு நடுவர் தேநீருக்குப் போய் ஒரு பேச்சாளரைத் தவறவிட்டிருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். பூஜ்யம் என்று நிரப்பிவிட்டால் வெட்டுப்படுவது அந்தப் பூஜ்யம்தான். நேர்மையாக வந்த மிகக் குறைந்த மதிப்பெண் உள்ளே தங்கி, அந்தப் பேச்சாளரின் சராசரியைக் கீழே இழுக்கும். நடுவர் நாற்காலியில் இல்லாமலேயே.